ஓராண்டு ஆட்டக் கணக்கும் ஒத்துவராத 2,400-ம்

போன வருடம் முழுக்க ஆன்லைனில் சூதாடினேன். பெரும்பாலும் ஸ்லாட், நடுநடுவே ரூலெட். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வெளிச்சத்தைக் குறைத்த போனில். எவ்வளவு விட்டிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டபோதெல்லாம் மனதில் ஒரு பதில் தயாராக இருந்தது: "கொஞ்சம் போயிருக்கும், ஆனால் மார்ச் மாதம் அடித்த பெரிய தொகை பாதியை ஈடுகட்டியிருக்கும்." அந்தப் பதிலை நம்பியே பத்து மாதம் ஓட்டினேன். ஜனவரியில் சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான், என் மனக்கணக்கின்படி அங்கே இருக்க வேண்டிய பணத்துக்கும் உண்மையில் இருந்த பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது.

தொகைகளை எந்த நாணயத்திலும் சொல்லப் போவதில்லை. என் ஒரு மாதச் சம்பளத்தை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த அளவுகோலில்தான். 500 என்றால் அரை மாதச் சம்பளம். இப்படி எழுதுவதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது, முழுத்தொகையைப் பார்க்க இன்னமும் கூசுகிறது.

ஸ்டேட்மென்டைக் கேட்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் என் ஊகத்தை எழுதினேன். போட்டது 2,000. எடுத்தது 1,700. போனது 300. இதை எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. உண்மையான எண் கைக்கு வந்த பிறகு, "எனக்கு முன்பே தெரியும்" என்று மனம் சொல்ல ஆரம்பித்துவிடும். தாளில் 300 என்று என் கையெழுத்திலேயே இருந்ததால் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

அப்புறம் ஸ்டேட்மென்ட். தளத்தின் வரலாற்றுப் பக்கத்தில் கடைசி 90 நாள் மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்து, "மூன்று மாதத்துக்கு இவ்வளவு, நான்கால் பெருக்கினால் ஆயிற்று" என்று நினைத்தேன். அது தப்பு. என் கடைசி மூன்று மாதம் மற்ற மாதங்களைவிட அமைதியானவை, நான்கால் பெருக்கியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும். முழு வருடத்துக்கு வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டியிருந்தது. முதல் பதிலில் ஒரே பக்கச் சுருக்கம் அனுப்பினார்கள். மறுபடி எழுதி, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனித்தனி வரியாக, ஒவ்வொன்றின் நிலையோடும், எக்செலில் திறக்கும் கோப்பாக வேண்டும் என்று கேட்டேன். கூடவே ஆண்டுத் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும். இந்தக் கடைசி இரண்டையும் கேட்க மறந்திருந்தால் மொத்தக் கதையும் எனக்குப் புரிந்திருக்காது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பதினோரு நாள் காத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளுக்குள் "உங்களை ரொம்ப நாளாகக் காணோமே" என்று ஒரு போனஸ் அழைப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு 50 போட்டேன். கணக்குக் கேட்டு எழுதியவனும் நான்தான், அதே கையால் பணம் போட்டவனும் நான்தான். விளம்பரச் செய்திகளை நிறுத்தும் தேர்வு அமைப்புப் பக்கத்தில் எங்கோ அடியில் இருந்தது. மறுநாள்தான் அதை அணைத்தேன், கணக்குக் கேட்டு எழுதிய அன்றே அணைத்திருக்க வேண்டும். இன்னொன்று, கணக்கை மூடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், மூடுவதற்கு முன்பே இந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய பிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அப்புறம் கடிதப் போக்குவரத்துதான்.

கோப்பு வந்தது. முதல் பக்கத்தில் சுருக்கம், அதன் பின்னால் ஆயிரக்கணக்கான வரிகள். சுருக்கத்தில் இருந்தவை இவை: மொத்தப் பந்தயத் தொகை 1,21,400. மொத்த வெற்றித் தொகை 1,16,360. டெபாசிட் 7,420. வித்டிராவல் 5,150. போனஸ் 450, அதில் காலாவதியானது 120. தொடக்க இருப்பு 60, முடிவு இருப்பு 20.

முதல் எண்ணைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஒரு லட்சத்து இருபத்தோராயிரமா? அது என் பத்து வருடச் சம்பளம். எங்கிருந்து வந்தது அவ்வளவு பணம்? கோப்பை மூடிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு யாருடைய கணக்கையோ தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. பந்தயத் தொகை என்பது பையிலிருந்து போன பணம் அல்ல. 10 போட்டு, 1 வைத்துச் சுழற்றி, 1 திரும்ப வந்து, அதையே மறுபடி சுழற்றினால், போட்ட பணம் 10-தான் என்றாலும் பந்தயத் தொகையில் ஒவ்வொரு சுழற்சியும் 1, 1 என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே காசு வட்டமடிக்கிறது, தாள் ஒவ்வொரு வட்டத்தையும் எண்ணுகிறது. 1,21,400-ஐ 7,420-ஆல் வகுத்தால் 16-க்குச் சற்று மேல். நான் போட்ட ஒவ்வொரு காசும் சராசரியாகப் பதினாறு தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது.

வெற்றித் தொகையும் இதே மாதிரிதான் ஏமாற்றும். அதைப் பார்த்து "ஒரு லட்சத்துக்கு மேல் ஜெயித்திருக்கிறேனே" என்று யாராவது சந்தோஷப்பட்டால் அது பாவம். அதற்குள் நீங்கள் வைத்த பந்தயமும் அடக்கம். 2 வைத்து 1 திரும்பி வந்தாலும் அந்த 1 வெற்றி என்றுதான் பதிவாகும். திரையிலும் அப்படித்தான், பாட்டு வாசிக்கும், நாணயம் கொட்டும், ஆனால் உங்களிடம் இருந்ததில் 1 குறைந்திருக்கும். என் கோப்பில் வெற்றி என்று இருந்த வரிகளில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, பக்கத்திலேயே பந்தயத் தொகையையும் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பியவை. இத்தனை நாள் அந்தப் பாட்டைக் கேட்டு நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு எண்களில் உருப்படியான ஒன்று அவற்றின் வித்தியாசம்தான். 1,21,400-லிருந்து 1,16,360 போனால் 5,040. ஆட்டத்துக்குள் நான் தோற்ற தொகை அது. பந்தயத் தொகையில் நூற்றுக்கு நான்குக்குக் கொஞ்சம் மேல். நான் அதிகம் ஆடிய ஸ்லாட்டின் தகவல் பக்கத்தில் 96 சதவீதம் திரும்பும் என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, 100 போட்டால் குறைந்தது 96 கையில் நிற்கும் என்றே புரிந்துகொண்டிருந்தேன். அந்த 96 ஒவ்வொரு சுழற்சிக்கும் உரியது, டெபாசிட்டுக்கு அல்ல. சுற்றுக்கு நான்கு சதவீதம் என்று பதினாறு சுற்று போனால், போட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்திருக்கும். எனக்கு அதுதான் நடந்தது. தளம் என்னை ஏமாற்றவில்லை, அதிர்ஷ்டமும் குறிப்பாக என்னைக் கைவிடவில்லை. பக்கத்தில் எழுதியிருந்தபடியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. திருட்டுப் போயிருந்தால்கூட மனசு இவ்வளவு கனத்திருக்காது என்று தோன்றியது.

சரி, அடுத்து டெபாசிட்டும் வித்டிராவலும். 7,420 போட்டு 5,150 எடுத்திருக்கிறேன். வித்தியாசம் 2,270. துண்டுத் தாளில் எழுதிய 300-ஐப் போல ஏழு மடங்குக்கும் மேல். வயிறு கலங்கினாலும், ஒரு ஓரத்தில் நிம்மதியும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டேகால் மாதச் சம்பளம். கஷ்டம்தான், ஆனால் ஒரு வருடத்தில் அடைத்துவிடலாம். அன்று இரவு அந்த எண்ணோடுதான் தூங்கினேன். மறுநாள் காலை பல் துலக்கும்போது ஒன்று உறுத்தியது. ஆட்டத்தில் தோற்றது 5,040, பையிலிருந்து போனது 2,270. நடுவில் இருக்கும் 2,770 எங்கிருந்து வந்தது? போனஸ் கொஞ்சம் கொடுத்தார்கள்தான், ஆனால் அது 450-தானே?

இங்கேதான் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் உதவிக்கு வந்தன. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான் இதுவும். கையில் இருந்தது, வந்தது, போனது, மிச்சம். நான்கும் ஒத்துவர வேண்டும், வராவிட்டால் ஏதோ ஒரு வரி தப்பு. தொடக்க இருப்பு 60. அதோடு டெபாசிட் 7,420 சேர்த்தால் 7,480. போனஸ் 450 சேர்த்து, காலாவதியான 120-ஐக் கழித்தால் 7,810. ஆட்டத்தில் தோற்ற 5,040-ஐக் கழித்தால் 2,770. இதிலிருந்து வித்டிராவல் 5,150 போனால் மிச்சம் மைனஸ் 2,380.

அந்தத் தளத்தில் இருப்பு மைனஸில் போகவே முடியாது. தாளில் முடிவு இருப்பு 20 என்று இருக்கிறது. ஆக 2,400 இடிக்கிறது. கூட்டலில் தப்பு என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதே 2,400. இப்படிச் சுத்தமான ஒரு தொகை இடித்தால் சில்லறைத் தவறுகளைத் தேட வேண்டாம், ஒரு வகைப் பரிவர்த்தனை மொத்தமாக வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோப்பில் நிலை என்று ஒரு பத்தி இருந்தது. அதுவரை அதை நான் பார்க்கவே இல்லை. வித்டிராவல் வரிகளை மட்டும் வடிகட்டி அந்தப் பத்தியைப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. சில வரிகளில் முடிந்தது என்று இருந்தது. சிலவற்றில் ரத்து.

பணம் எடுக்கக் கேட்டால் உடனே வங்கிக்குப் போய்விடாது. சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ நிலுவையில் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பணம் திரும்பவும் ஆட்ட இருப்புக்கு வந்துவிடும். நான் அந்தப் பொத்தானை வருடத்தில் ஒன்பது தடவை அழுத்தியிருக்கிறேன். அப்படி ரத்தான தொகைகளைக் கூட்டினால் 2,400. சுருக்கப் பக்கமோ கேட்ட தொகையை எல்லாம் வித்டிராவல் என்றே கூட்டி வைத்திருந்தது. திரும்ப வந்தது சரிக்கட்டல் என்ற வேறொரு தலைப்பின் கீழ், சுருக்கத்துக்கே வராமல், பின்பக்கங்களில் கிடந்தது. உண்மையில் தளத்திலிருந்து வெளியே வந்தது 5,150 இல்லை, 2,750.

அந்த ஒன்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மார்ச் மாதம், நான் வருடம் முழுக்கப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய வெற்றி. இரவு 9:40-க்கு 1,500 எடுக்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, திரையைப் படம் பிடித்துக்கூட வைத்திருந்தேன். 11:52-க்கு அதே 1,500 ரத்து. அது எனக்கு நினைவே இல்லை. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வரிசையாக ரூலெட். விடியற்காலை 2:10-க்கு மறுபடி வித்டிராவல், 600. அதுதான் முடிந்தது என்று இருக்கிறது. என் ஞாபகம் 9:40-இல் நின்றுவிட்டது. 900 போன இரண்டு மணி நேரத்தை அது அப்படியே விழுங்கிவிட்டது. யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். தாளில் மணி நிமிடத்தோடு இருந்ததால் யாரோடு சண்டை போடுவது?

ஆகவே வித்டிராவலை வரிகளிலிருந்துதான் கூட்ட வேண்டும், அதுவும் முடிந்தவற்றை மட்டும். டெபாசிட்டும் அப்படியே. எனக்கு அதிலும் ஒரு சறுக்கல். எல்லா டெபாசிட் வரிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டியபோது 8,020 வந்தது, சுருக்கத்தைவிட 600 அதிகம். அட்டை மறுக்கப்பட்ட முயற்சிகளும் வரிகளாக நின்றிருந்தன. பணம் நகரவே இல்லை, வரி மட்டும் இருக்கிறது. எக்செலில் வகை B பத்தியிலும், நிலை C-யிலும், தொகை D-யிலும் இருந்ததால் நான் எழுதியது இது:

```
=SUMIFS(D:D,B:B,"Deposit",C:C,"Completed")
=SUMIFS(D:D,B:B,"Withdrawal",C:C,"Completed")
```

உங்கள் கோப்பில் அந்த இடங்களில் என்ன சொல் இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் விடை பூஜ்யம் வரும். வித்டிராவல் தொகைகள் சில கோப்புகளில் மைனஸ் குறியோடு இருக்கும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மறுபடி கூட்டினேன். 2,770-லிருந்து 2,750 போனால் 20. தாளில் இருக்கும் முடிவு இருப்பும் 20. ஒத்துவந்துவிட்டது. ஒரு கணக்கு சரியாக வந்ததற்கு வாழ்க்கையில் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

உண்மையான நிகர முடிவுக்கு இனி ஒரே ஒரு வரிதான். கைக்கு வந்தது 2,750, அதோடு இருப்பில் மிச்சம் இருக்கும் 20. போனது 7,420, அதோடு வருடம் தொடங்கும்போதே உள்ளே கிடந்த 60. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மைனஸ் 4,710. தொடக்க இருப்பை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். அது முந்தின வருடம் நான் போட்ட பணம், இந்த வருடம் தொலைந்தது. எனக்கு 60-தான், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் பெரிதாகப் போட்டுவிட்டு ஜனவரியில் ஆடியவர்களுக்கு இந்த ஒன்றே விடையைத் தலைகீழாக்கும். டிசம்பர் 31 அன்று நிலுவையில் நின்ற வித்டிராவலும் அப்படித்தான், அது இருப்பிலும் இல்லாமல் வங்கியிலும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

ஆட்டத்தில் தோற்றது 5,040, பையிலிருந்து போனது 4,710. இரண்டுக்கும் நடுவில் உள்ள 330-தான் போனஸ், 450-இல் காலாவதியான 120 போக மிச்சம். அவர்கள் கொடுத்து அவர்களே திரும்ப எடுத்துக்கொண்ட பணம். சில தாள்களில் போனஸையும் வரவாகக் காட்டி, நிகர முடிவைக் கொஞ்சம் அழகாக்கி வைத்திருப்பார்கள். போனஸ் உங்கள் பையிலிருந்து போகவில்லை, உங்கள் பைக்கு வரவும் இல்லை. இருப்பு ஒத்துவருகிறதா என்று பார்க்க மட்டும் அது வேண்டும், நிகர முடிவில் அதற்கு இடமில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வங்கி ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தபோது இன்னும் இரண்டு வெளியே வந்தன. முதலாவது, நான் மறந்தே போயிருந்த இன்னொரு தளம். மே மாதம் தொடங்கி ஆறு வாரம் அங்கே ஆடியிருக்கிறேன். 1,330 போட்டு 300 எடுத்திருக்கிறேன், போனது 1,030. ஒரு தளத்தின் தாள் அந்தத் தளத்தை மட்டும்தான் சொல்லும் என்பது யோசித்தால் தெரிகிற விஷயம்தான், ஆனால் நான் யோசிக்கவில்லை. வங்கியில் தளத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது, பணம் வாங்கிக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதனால் இரவு பதினொன்றுக்கு மேல் போன தொகைகள், ஒரே நாளில் ஒரே அளவில் திரும்பத் திரும்பப் போன தொகைகள் என்று தேடித்தான் பிடித்தேன். இரண்டாவது, கிரெடிட் கார்டு. சூதாட்டத்துக்குப் போட்டதை என் கார்டில் ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 210. எந்த ஆட்டத் தளத்தின் தாளிலும் இது வராது.

இ-வாலட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் 2,750-இல் 400 வாலட்டுக்கு வந்து, வங்கியைத் தொடாமலே மறுபடி தளத்துக்குப் போயிருக்கிறது. அதனால் வங்கியின் எண்களும் தளத்தின் எண்களும் ஒத்துவரவில்லை, வங்கிப்படி போனது 7,020, வந்தது 2,350. பயப்பட வேண்டாம், இரண்டு பக்கமும் அதே 400 குறைகிறது. வித்தியாசம் இரண்டிலும் 4,670-தான்.

எல்லாம் சேர்த்தால் 4,710, 1,030, 210. மொத்தம் 5,950. ஆறு மாதச் சம்பளத்துக்கு ஐம்பது குறைவு. துண்டுத் தாளில் இருந்த 300-ஐ அடித்துவிட்டு அதன் கீழே இதை எழுதினேன். அடிக்கும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மொத்தத் தொகையைத் தாண்டி அந்தக் கோப்பில் இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். டெபாசிட் 7,420 என்பது 212 தடவையாகப் போனது, தடவைக்குச் சராசரி 35. பெரிய தொகை எதுவும் இல்லாததால்தான் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரே நாளில் நான்கு தடவையோ அதற்கு மேலோ போட்ட நாட்கள் 23 இருந்தன. அந்த 23 நாட்களில் மட்டும் போனது 3,100. மிச்சமிருந்த நாட்களில் ஒருவேளை நான் பொழுதுபோக்குக்கு ஆடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த 23 நாட்களில் நான் ஆடவில்லை, விட்டதைத் துரத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது டெபாசிட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பல இடங்களில் ஐந்து நிமிடம்கூட இல்லை. தேதிகளைப் படிக்கும்போது நேர மண்டலத்தையும் பாருங்கள். என் கோப்பு உலகப் பொது நேரத்தில் இருந்தது, மாற்றிப் போடும் வரை எல்லாம் சாயங்காலம் ஆடியதுபோலத் தெரிந்து குழம்பினேன். மேலே மார்ச் இரவுக்குச் சொன்ன நேரங்கள் மாற்றிய பிறகானவை.

நேரில் காசினோவுக்குப் போகிறவர் ஒருவர், தன்னிடமும் ஆண்டுத் தாள் இருப்பதாகவும் அதில் சின்ன நஷ்டம்தான் என்றும் என்னிடம் சொன்னார். அந்தத் தாள் வேறு ரகம். உறுப்பினர் அட்டையைச் செருகி ஆடிய மெஷின் ஆட்டம்தான் அதில் சரியாகப் பதிவாகும். மேசை ஆட்டங்களில் சராசரியாக எவ்வளவு வைத்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்துக் குறிப்பது, மதிப்பீடு மட்டுமே. அட்டை இல்லாமல் ஆடியது அந்தத் தாளில் வரவே வராது. அவருக்கு வழி வங்கிக் கணக்கும், போகும்போதும் வரும்போதும் பையில் இருந்ததை எழுதிய குறிப்பும்தான். அப்படி ஒரு குறிப்பு அவரிடம் இல்லை.

மனைவியிடம் சொல்ல இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. வாயால் சொல்ல வரவில்லை. சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி, முதலில் 5,950-ஐக் காட்டி, பிறகு ஒவ்வொன்றாக விளக்கினேன். இதையும் ஒரு யோசனையாகச் சொல்வேன், கடைசி எண்ணை முதலில் காட்டிவிடுங்கள். நான் சுருக்கப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தால், நடுவில் எங்காவது 2,270-இலேயே நிறுத்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மார்ச் வரிகள் இருந்த தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, அப்போ போன் வாங்கித் தந்தீங்களே, ஆயிரத்து ஐநூறு அடிச்சதுன்னு?" என்று கேட்டாள்.

"அறுநூறுதான் வந்தது. போன் அறுநூறு."

"அந்த மாசம் எவ்ளோ போட்டீங்க?"

அதை நான் பார்த்திருக்கவில்லை. அவள் முன்னாலேயே மார்ச்சை வடிகட்டினேன். 840.

அன்றே இரண்டு தளங்களிலும் என்னை ஆட விடாமல் தடுக்கச் சொல்லிச் சுயவிலக்குக் கேட்டேன், எடுத்ததுமே ஐந்து வருடத்துக்கு. வங்கியில் சூதாட்டப் பரிவர்த்தனைகளைத் தடுக்கும் வசதி இருந்தது, அதையும் போட்டேன். கணக்கு மூடியதும் இந்த வருடத்துக்கான தாளையும் அனுப்பினார்கள், ஒரே பக்கம். தொடக்க இருப்பு 20, டெபாசிட் 50, வித்டிராவல் 0, முடிவு இருப்பு 0. நிகரம் மைனஸ் 70. இதைக் கூட்ட எக்செல் தேவைப்படவில்லை.